மூக்குப் பட்டை எதை உரித்தெடுக்கிறது?

மூக்கின் மேல் ஒட்டிக் காயவிட்டு உரிக்கும் அந்த வெள்ளைப் பட்டையை வாங்குகிறவர்கள், உரித்த கையோடு அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். நுனி கறுத்தும் உடல் வெளிர்மஞ்சளாகவும் சின்னச் சின்னக் குச்சிகள் பட்டை முழுக்க நட்டுக்கொண்டு நிற்கும். அருவருப்பும் திருப்தியும் கலந்த அந்தக் காட்சியைவிடப் பெரிய விளம்பரம் இந்தப் பொருளுக்குத் தேவையில்லை. ‘இவ்வளவு அழுக்கா என் மூக்கில் இருந்தது!’ என்று ஒருமுறை வியந்துவிட்டால், அடுத்த பட்டையைப் பிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

ஆனால் அந்தக் குச்சிகளில் பெரும்பாலானவை அழுக்கு இல்லை. அவற்றில் பல கரும்புள்ளிகூட இல்லை. எதைப் பிடுங்கினோம் என்பது தெரிந்தால்தான் அடிக்கடி பிடுங்குவது ஏன் எரிச்சலில் போய் முடிகிறது என்பது விளங்கும்.

மூக்கில் நாம் ‘துளை’ என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலின் வாய். முடி இருப்பது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாக இருந்தாலும், அடியில் அதை ஒட்டி ஒரு பெரிய எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். முகத்தில், அதிலும் மூக்கு, நெற்றி, தாடைப் பகுதிகளில், இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. சுரக்கும் எண்ணெய் மேலே வரும் வழியில், குழாயின் உள்சுவரிலிருந்து உதிர்ந்த செல்களும், அங்கேயே குடியிருக்கும் நுண்ணுயிரிகளும் அதனோடு சேர்ந்து, முடியைச் சுற்றி ஒரு மெல்லிய இழையாகத் திரளும். தோல் மருத்துவர்கள் இதை எண்ணெய் இழை என்கிறார்கள். இது நோய் அல்ல. எண்ணெய் ஒழுங்காக மேலே வருவதற்கான பாதை இது, எல்லோர் மூக்கிலும் உண்டு. கண்ணாடிக்கு மிக அருகில் போனால் சாம்பல் நிறத்தில் ஒரே சீராகத் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் இவையே.

கரும்புள்ளி வேறு. அங்கே செல்களும் எண்ணெயும் இறுகி, குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, வாயையும் அகலமாக்கி நிற்கும். மேல்பக்கம் காற்றுப்படுவதாலும் தோலின் நிறமியான மெலனின் அதில் இருப்பதாலும் கறுக்கிறது. அதனால் எத்தனை முறை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. எண்ணெய் இழைகள் சிறியவை, நிறையச் சேர்ந்து ஒரே மாதிரி இருக்கும். கரும்புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொன்றும் தனித்து, தெளிவாகக் கறுத்திருக்கும். பட்டையில் வரிசையாக ஒரே அளவில் குச்சிகள் வந்தால், பிடுங்கியது இழைகளை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பட்டை எப்படிப் பிடிக்கிறது என்பது அழகான வேதியியல். ஜப்பானின் காவோ நிறுவனம் 1990களின் நடுவில் தன் பியோரே என்ற பெயரில் இந்த மூக்குப் பட்டையைக் கொண்டு வந்தது. 1997இல் அமெரிக்கச் சந்தைக்குப் போன பிறகு உலகம் முழுக்க நகல்கள் வந்தன. துணி போன்ற ஒரு தாளின் மேல் காய்ந்த நிலையில் ஒரு பசைப் படலம் இருக்கும். அந்தப் பசையின் முக்கியப் பொருள், நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு நீளமான பாலிமர். பெட்டியின் பொருள் பட்டியலில் ‘பாலிகுவாட்டர்னியம்’ என்று தொடங்கும் பெயர் ஒன்று இருந்தால் அதுதான்.

காய்ந்த பட்டை ஒட்டாது. மூக்கை நன்றாக நனைத்துவிட்டு ஒட்டச் சொல்வது அதற்காகவே. தண்ணீர் பட்டதும் பாலிமர் இளகி, இழைகளின் மேல் முனைகளைச் சுற்றிக்கொள்கிறது. தோலின் மேற்பரப்பும் அந்த இழைகளும் எதிர்மின்னூட்டம் உள்ளவை. நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் வற்ற, இளகியது இறுகிக் கெட்டியாகிறது. இப்போது இழையின் நுனி பட்டையோடு கோத்துக்கொண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கும்போது நுனியோடு சேர்ந்து இழையின் மேல்பகுதி வெளியே வருகிறது.

‘மேல்பகுதி’ என்ற சொல்லை இங்கே கவனமாகத்தான் போட்டிருக்கிறேன். பட்டை வேருக்குள் போகாது. அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைத் தொடாது. உண்மையான கரும்புள்ளியாக இருந்தால் பல சமயம் அதன் தலை மட்டும் பட்டையோடு வர, மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். துளையும் சுருங்குவதில்லை. துளைக்குத் திறந்து மூடும் தசை கிடையாது, ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கதை. ஆவி எண்ணெயை இளக்கும், அவ்வளவே. பட்டை போட்ட பிறகு துளை சின்னதாகத் தெரிகிறது என்றால், அதன் வாயிலிருந்த கறுத்த மூடி போய்விட்டதால் நிழல் குறைந்திருக்கிறது. சில மணி நேரத்தில் மூக்கில் எண்ணெய்ப் பளபளப்பு திரும்பிவிடுவதற்கும் இதுவே காரணம். சுரப்பியின் வேலை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

முகம் முழுக்கப் பூசி, காய்ந்ததும் ஒரே படலமாக உரிக்கும் பீல்-ஆஃப் மாஸ்க் வேறு விதமாக வேலை செய்கிறது. இதில் மின்னூட்டம் பெரிய விஷயம் இல்லை. அதன் முதுகெலும்பு பாலிவினைல் ஆல்கஹால். தண்ணீரில் கரையும் இந்த பாலிமர் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு அளவுக்குக் கலந்திருக்கும். சீக்கிரம் காயச் சாராயமும், காய்ந்த படலம் உடையாமல் வளைய கிளிசரின் போன்ற ஒன்றும் சேர்ப்பார்கள். நீரும் சாராயமும் ஆவியாகும்போது முகம் குளிரும். படலம் சுருங்குவதால் தோல் இறுகுவது போல் இருக்கும். அந்த இறுக்கத்தை ‘ஸ்கின் டைட்டனிங்’ என்று விற்பார்கள். படலத்தை எடுத்ததும் அதுவும் போய்விடும்.

உரிக்கும்போது அந்தப் படலம் தன்னில் புதைந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறது: உதிரக் காத்திருந்த செல்கள், மேற்பரப்பு எண்ணெய், இழைகளின் நுனிகள், கன்னத்திலும் மேலுதட்டிலும் இருக்கும் பூனைமுடி. உரிக்கும்போது கண்ணில் நீர் வருகிறதே, அது பெரும்பாலும் முடி பிடுங்கும் வலி. கருமை போகிறது என்பதற்கு அது அடையாளம் அல்ல. மெல்லிசாகப் பூசினால் படலம் துண்டு துண்டாகப் பிய்ந்து, நகத்தால் சுரண்ட வேண்டிவரும். தடிமனாகப் பூசினால் சென்னைப் புழுக்கத்தில் அரை மணி நேரமானாலும் மூக்கோரம் ஈரமாகவே இருக்கும், நெற்றியில் மட்டும் காய்ந்து தகடாகிவிடும். பொறுமை இழந்து காய்ந்ததை இழுக்கும்போது காயாததும் சேர்ந்து இழுபடும்.

2017 வாக்கில் கறுப்பு நிறக் கரி மாஸ்க் வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. வலியில் அலறிக்கொண்டே உரிப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அப்போது பொழுதுபோக்கு. கரி தண்ணீரில் கலந்த நச்சுகளைத் தன் மேல் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. விஷம் குடித்தவருக்கு மருத்துவமனையில் கொடுப்பதும் அதனால்தான். ஆனால் பாலிவினைல் படலத்துக்குள் அடைபட்ட கரித்தூள் உங்கள் துளைக்குள் எட்டி எதையும் உறிஞ்சும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. கரி ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது: கறுப்புப் பின்னணியில் மஞ்சள் குச்சிகள் பளிச்சென்று தெரியும்.

அந்த அலையில் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்துகொண்டது. கரித்தூளோடு மரவேலைக்கும் பள்ளிக்கூடக் கைவேலைக்கும் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைக் கலந்து முகத்தில் பூசச் சொன்ன வீடியோக்கள் தமிழிலும் நிறைய. வெள்ளைப் பசை முகத்துக்காகச் செய்யப்பட்டது இல்லை. அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது மரப்பலகையை மனத்தில் வைத்துத் தீர்மானித்தது. கெடாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள்களில் சில, தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்பெற்றவை. உடனடிப் பசையோ அதைவிட மோசம். ஈரம் பட்டதும் சூடு கிளப்பி நொடியில் இறுகும், கண் இமைக்கு அருகே பட்டால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். முட்டை வெள்ளைக்கருவைப் பூசி அதன் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டி உரிக்கும் பழைய வீட்டு வைத்தியமும் இதே குடும்பம்தான். காய்ந்த புரதம் பசையாகிறது, பிடி குறைவு என்பதால் தீங்கும் குறைவு.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். பசைக்கு எது இழை, எது தோல் என்று பிரித்தறியத் தெரியாது. எதன் மேல் ஒட்டியதோ அதையெல்லாம் இழுக்கும்.

நம் தோலின் மேல்மட்டம் பத்து முதல் இருபது அடுக்குகள் கொண்ட தட்டையான, உயிரற்ற செல்களால் ஆனது. எல்லா அடுக்குகளும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். முகத்தில் இன்னும் மெல்லிசு. இதைச் செங்கல் சுவராகப் பார்ப்பது தோல் ஆய்வாளர்களின் வழக்கம். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே செராமைடு, கொழுப்பமிலங்கள், கொலஸ்ட்ரால் சேர்ந்த சாந்து. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகாமல் காப்பதும், வெளியே இருக்கும் சோப்பு, வாசனைத் திரவியம், கிருமி ஆகியவை உள்ளே போகாமல் தடுப்பதும் இந்தச் சுவர்தான்.

ஒட்டி உரிப்பது இந்தச் சுவரை என்ன செய்யும் என்பதற்கு நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடங்களில் தோலின் தடுப்பை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதற்குப் பயன்படும் முறையே இதுதான். 1951இல் ஹெர்மன் பிங்கஸ் என்ற தோல் ஆய்வாளர், சாதாரண ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய அடுக்கு வருவதையும், அதன் பிறகு தோல் எப்படித் தன்னைச் சரிசெய்கிறது என்பதையும் ஆராய்ந்து எழுதினார். அன்று முதல் இன்றுவரை, சுவர் கெட்டால் எவ்வளவு நீர் வெளியேறும், எப்போது பழுதாகும், எப்போது சரியாகும் என்று அளக்க டேப்பை உரிப்பதுதான் வழி. 1971இல் மார்க்ஸ், டாபர் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள், உடனடிப் பசையை ஒரு துளி கண்ணாடித் துண்டில் வைத்துத் தோலில் அழுத்தி எடுத்தால், பல அடுக்குச் செல்கள் ஒன்றாக வருவதைக் காட்டினார்கள். மயிர்க்கால்களுக்குள் இருக்கும் இழைகளும் அந்தக் கண்ணாடியில் குச்சிகளாக ஒட்டிக்கொண்டு வரும். துளைக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய மருத்துவர்கள் பின்னாளில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். மூக்குப் பட்டை அந்த ஆய்வுக் கருவியின் மென்மையான தம்பி என்றே சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரே இடத்தை ஒருமுறை எடுத்துவிட்டு ஆறவிடுவார்கள். வீட்டில் ஆறவிடுவதில்லை.

சுவரில் இரண்டொரு வரிசை போனதும் இரண்டு காரியம் நடக்கிறது. சாந்து குறைந்த இடத்தில் நீர் வேகமாக வெளியேறுகிறது, தோல் இழுத்துப் பிடித்தது போல் காய்கிறது. இரண்டாவது, மேல் செல்கள் தங்களுக்குள் சேமித்து வைத்திருக்கும் இன்டர்லூகின் என்ற அழற்சித் தூதுப் பொருள் வெளியே கசிகிறது. ‘இங்கே சேதம், பழுது பார்’ என்ற செய்தி அது. அதைக் கேட்டுக் கீழே உள்ள செல்கள் வேகமாகப் பெருகிச் சுவரை மறுபடி எழுப்பத் தொடங்குகின்றன. ஆரோக்கியமான இளம் தோலில் ஒரு சிறு சேதம் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும், வயதாக ஆக அதிக நாளாகும். ஆகவே எப்போதாவது ஒருமுறை போடுவதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிக்கல் இருப்பது இடைவெளியில்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பிடுங்கிய எண்ணெய் இழை மறுபடி முழுதாக உருவாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். மூன்று நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று சில பெட்டிகளில் எழுதியிருக்கும். அந்த எல்லை வரைக்கும் போய்ப் போட்டால், மாதத்துக்குப் பத்து முறை உரிக்கிறோம். முதல் உரிப்பில் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. மிச்ச ஒன்பதிலும் பட்டைக்குப் பிடிக்க இழை அதிகம் இல்லை, பிடிப்பது தோலைத்தான். அந்த மூன்று நாள் எல்லை, காயம் ஆறுவதற்கான கால அளவாக வேண்டுமானால் இருக்கலாம், இழை வளரும் கால அளவு இல்லை.

இருபது வயதுக் கல்லூரிப் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். மதியத்துக்குள் மூக்கு பளபளத்துவிடும் எண்ணெய்ச் சருமம், பார்லரில் “அக்கா, ஒரு ஸ்ட்ரிப் போட்டுடவா?” என்று கேட்டதில் தொடங்கிய பழக்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் பட்டை, குச்சிகள் ஏராளம், திங்கட்கிழமை மூக்கு வழவழப்பாக இருக்கிறது. புதன்கிழமை மறுபடி போடுகிறாள், ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. இங்கேதான் எல்லோரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ‘வரவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ‘சரியாக ஒட்டவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை ஆவி பிடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் விடுகிறாள். பட்டை அட்டை போல் விறைத்து, உரிக்கும்போது சுரீரென்கிறது. ஆவியில் ஊறிய தோல் மென்மையாகி இருப்பதால் மேல் அடுக்குகள் இன்னும் சுலபமாக வந்துவிடுகின்றன.

இரண்டாவது வாரம் முகம் கழுவும்போதே மூக்கின் பக்கவாட்டில் லேசாக எரிகிறது. காய்ந்த தோல் பொடிப் பொடியாக உரிகிறது. அதைப் பார்த்து ‘அழுக்கு’ என்று ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கிறாள். எரிச்சலைத் தணிக்க எலுமிச்சைச் சாறோ சாராயம் கலந்த டோனரோ தடவுகிறாள், இரண்டும் அடைபடாத சுவர் வழியாக நேரே உள்ளே போகின்றன. மூன்றாவது வாரம் மூக்கின் மேல் சிறு சிறு சிவந்த கொப்புளங்கள். முடி பிடுங்கப்பட்ட மயிர்க்காலில் கிருமி புகுந்து வந்த வீக்கம் அவை. அவற்றையும் பருக்கள் என்று நினைத்து இன்னும் ஒரு பட்டை. மாதக் கடைசியில் மூக்கின் இரு பக்கமும் பட்டை ஒட்டிய வடிவத்திலேயே ஒரு பழுப்பு நிழல். எண்ணெய் மட்டும் முதல் நாள் எவ்வளவோ அவ்வளவே.

அந்தப் பழுப்பு நிழலைத் தமிழ் வாசகர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். வெள்ளைத் தோலில் எரிச்சல் சிவப்பாகத் தெரியும். அதனால் அங்கே எழுதப்படும் எச்சரிக்கைகளில் ‘சிவந்தால் நிறுத்துங்கள்’ என்றிருக்கும். நம் பழுப்பு, கறுப்புத் தோலில் சிவப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நம் தோலில் அழற்சி வேறு வழியாகத் தன்னைக் காட்டுகிறது. நிறமி செல்கள் அழற்சிச் செய்தியைக் கேட்டு மெலனினைக் கூடுதலாக உற்பத்தி செய்துவிடுகின்றன, எரிச்சல் போன பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ‘கருமை நீக்க’ என்று அட்டையில் அச்சடித்த ஒரு மாஸ்க், அடிக்கடி போட்டால் கருமையை உண்டாக்குவது இந்த வழியில்தான். அந்த வரியை அச்சடிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

ஆகவே நம் தோலில் கண்ணைவிட உணர்ச்சியை நம்புவது நல்லது. வெறும் தண்ணீர் பட்டால் எரிகிறதா, வழக்கமாகப் போடும் மாய்ஸ்சரைசரே காந்துகிறதா, கழுவியதும் தோல் பிளாஸ்டிக் தாள் போல் இறுகிப் பளபளக்கிறதா, மூக்கோரம் வெது வெதுவென்று சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சுவர் கெட்டிருக்கிறது. எண்ணெய்ப் பளபளப்பு விரலில் ஒட்டும், கெட்ட சுவரின் பளபளப்பு ஒட்டாது. உரித்த பிறகு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் எரிச்சலைச் ‘சருமம் சுத்தமாவதன் அறிகுறி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிலர் ஒருமுறைகூடப் போடக் கூடாது. முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்ற வைட்டமின் ‘ஏ’ வகை மருந்தைத் தடவுகிறவர்களுக்கு மேல் அடுக்குகளின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும், பட்டையோடு தோலே வந்து பச்சைப் புண்ணாகிவிடும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்திய பின் ஆறு மாதம் வரை வேக்சிங் செய்யக் கூடாது என்று மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. பசை வைத்து உரிக்கும் எதற்கும் அதே நியாயம் பொருந்தும். எக்ஸிமா, மூக்கும் கன்னமும் அடிக்கடி சிவந்து ரத்தநாளம் தெரியும் ரோசேசியா, சீழ் பிடித்த பருக்கள், வெயிலில் கன்றிய முகம், இரண்டு நாள் முன்பு பிளீச் செய்த முகம், இவையெல்லாம் அதே பட்டியலில் வரும்.

நம் ஊரில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்களுக்குத் தாங்கள் மருந்து தடவுகிறோம் என்பதே தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, இரவில் தடவினால் வெளுப்பாகும் என்று நம்பிப் பல ஆண்டுகள் பூசும் கிரீம்களில் சில, ஸ்டீராய்டு, ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன் மூன்றும் கலந்தவை. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாக இதற்கு எதிராகக் குரல் கொடுத்து வருகிறது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், ட்ரெட்டினாயின் பிடியைத் தளர்த்தும். அந்த முகத்தில் கரி மாஸ்க் பூசி உரித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘வெறும் ஃபேர்னஸ் கிரீம்தானே’ என்று பார்லரில் சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. ட்யூபின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துவிட்டுப் பார்லருக்குப் போங்கள்.

கல்யாணத்துக்கு முன் தினம் மூக்கு வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசை தவறில்லை. போடுவதென்றால் மாதத்துக்கு ஒருமுறை, மூக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கன்னத்துக்கும் கண்ணடிக்கும் வேண்டாம். முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ சிறு துண்டை ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கழித்து மூக்குக்கு வாருங்கள். விசேஷத்துக்கு முந்தைய நாள்தான் முதல் முயற்சி என்று வைத்துக்கொள்ள வேண்டாம், ஏதாவது ஆனால் மேக்கப்பும் மறைக்காது. பெட்டியில் சொன்ன நேரத்துக்கு மேல் விட வேண்டாம். இழுக்கும்போது வலித்தால் அங்கேயே நிறுத்தி வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்தால், காய்ந்த பசை மறுபடி இளகித் தானே கழன்றுவிடும். பாலிவினைல் மாஸ்க்கும் தண்ணீரில் கரைவதே, உரிக்க முடியாவிட்டால் கழுவி எடுத்துவிடலாம், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. உரித்த அன்று எலுமிச்சை, டோனர், ஸ்க்ரப், அமில சீரம் எதுவும் வேண்டாம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று போதும், மறுநாள் பகலில் வெளியே போனால் சன்ஸ்க்ரீன்.

மூக்குப் புள்ளிகள் உண்மையிலேயே தொந்தரவு செய்கின்றன என்றால், உரிப்பதைவிட உள்ளே போய் இளக்கும் பொருள்தான் பயன்படும். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவது, அதனால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் நுழைந்து, ஒட்டிக் கிடக்கும் செல்களைத் தளர்த்துகிறது. இரண்டு சதவீதம் வரையுள்ள ஃபேஸ்வாஷோ சீரமோ, வாரத்தில் இரண்டு மூன்று இரவு தொடங்கினால் போதும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். கரும்புள்ளிகள் நிறைய இருந்தால் மருத்துவர் அடாபலீன் எழுதுவார். பட்டாணி அளவு முகம் முழுக்க, இரவில் மட்டும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது ஆகாது. பன்னிரண்டு வாரம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். பதினைந்து நிமிடத்தில் குச்சிகளைக் கண்ணால் காட்டும் பட்டையோடு இந்த மெதுவான மருந்து போட்டி போட முடியாது. ஆனால் இழை உருவாகும் வேகத்தைக் குறைப்பது இந்த மருந்துதான், பட்டை அல்ல. சாம்பல் புள்ளிகள் முழுக்க மறையும் என்று மட்டும் எந்த மருந்தையும் நம்பி இறங்காதீர்கள், மூக்கு இருக்கும்வரை இழையும் இருக்கும்.

பட்டையோ மாஸ்க்கோ போட்ட இடம் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் எரிந்தாலோ, பழுப்புத் திட்டு பரவினாலோ, கொப்புளத்தில் சீழ் வைத்தாலோ அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். போகும்போது முகத்தில் பூசிய எல்லா ட்யூபையும், உரித்த பட்டையின் அட்டைப் பெட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘ஏதோ ஒரு வெள்ளை கிரீம்’ என்று வாயால் சொல்வதை வைத்து எந்த டாக்டராலும் சரியான மருந்து எழுத முடியாது.